பட்டன் வராத சட்டைகள்

பட்டன் சாம்பிளுக்கு ஓகே சொல்லாமல் மூன்று வாரம் இழுத்தடித்தவன், எங்களிடம் சட்டை வாங்கும் பையர். சரக்கு தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்! கம்பெனி அண்ணனுடையது, கடிதம் எழுதுவது நான்.

“அவன் தப்புன்னே எழுது!” என்று அண்ணன் மேசையைக் குத்தினான்.

“எழுதறேன். அடுத்த ஆர்டரை உன் மாமனாரா குடுப்பாரு?”

அவன் பல்லைக் கடித்தான். ‘எங்கள் தாமதத்துக்கு வருந்துகிறோம்’ என்று அடித்தேன். செவ்வாய்க்குள் பட்டன் தைத்து முடியும், வியாழன் இன்ஸ்பெக்‌ஷன், சனிக்கிழமை கப்பல் என்று புதுத் தேதிகளையும் போட்டு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

‘மன்னிப்பை ஏற்கிறோம். இனி தேதி மாறக் கூடாது. பட்டன் மட்டும் கறுப்பு வேண்டாம், நீலம். சாம்பிள் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.’