ஒரு நாளைக்கு முந்நூறு டீ

பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் லேத் மிஷின் ஓட்டிவிட்டு வெளியே வந்த ரவிக்குமாருக்கு முதலாளி ஆசை பிடித்துக்கொண்டது. அதுவும் லைட்டு போட்ட போர்டு வைத்த முதலாளி! கம்பெனி கணக்குத் தீர்த்துக் கொடுத்த ஏழு லட்சம்தான் வீட்டின் மொத்தச் சேமிப்பு. அதை ஒரு டீக்கடைக் கம்பெனியின் ஃபிராஞ்சைஸில் போட்டுவிடத் துடித்தார்.

“கம்பெனி பேருக்கு மூணு லட்சம், சாமான் செட்டுக்கு ரெண்டரை, கடை அட்வான்ஸ் ஒன்றரை. முடிஞ்சிச்சி.”

“பாலுக்கு?” என்றாள் மனைவி சரளா.

ரவிக்குமார் விரல் விட்டு மறுபடி கூட்டினார்; ஏழு லட்சமும் தீர்ந்திருந்தது. சரளாவின் யோசனை வேறு. அதே தொழிற்சாலை கேட்டில், நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு வண்டியில் புளிசாதமும் முட்டையும். கூட வேலை செய்தவனுக்கே பொட்டலம் கட்டுவதா? ரவிக்குமாருக்கு மானம் போனது.

“தினம் முந்நூறு டீ போகும்னு கம்பெனிக்காரன் சொல்றான்.”

“சொல்றதுக்கு இன்னா, காசா பணமா? அவங்க கடை ஒண்ணு காக்ஸ் டவுன்ல கீதில்ல? தொறந்ததும் ஒரு டீ, மூடசொல்ல ஒரு டீ வாங்கு. ரெண்டு பில்லு நம்பரையும் கழிச்சிப் பாரு, எத்தினி பில்லு போட்டாங்கன்னு தெரிஞ்சிடும்.”

வெள்ளிக்கிழமை போனார். மனுஷன் நடுவில் வீட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கடை காலியாகும்போதெல்லாம் மனசு கேட்காமல் உள்ளே போய் ஒரு டீ குடித்தார். மூடும் நேரத்தில் கடைக்காரர் டொமினிக்கே பக்கத்தில் வந்துவிட்டார்.

“ஃபிராஞ்சைஸ் எடுக்கலாம்னு பாக்கறீங்களா, சார்? நான் இப்பிடி ஒரு நாள் உக்காந்து பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். லாபம் வந்தாலும் வராட்டியும் விக்கிறதுல நூத்துக்கு ஆறு ரூபா கம்பெனிக்கு. டீத்தூளும் அவங்ககிட்டதான் வாங்கணும். மூணு வருஷத்துக்குள்ள மூடினா ஃபைன்.”

வீட்டில் சரளா பில்களைக் கழித்துப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு.

“இதுல உன்னுது எத்தினி?”

“பதினொண்ணு.”

சரளா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரவிக்குமார் சிரிக்கவில்லை. “பயமா கீது சரளா. இந்தப் பணம் போச்சின்னா மறுபடி சம்பாதிக்க எனக்கு வயசில்ல” என்றார்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “மொதல்ல இருபது பொட்டலம் எடுத்துனு போலாம். ஓடலன்னா மறுநாளே நிறுத்திக்கலாம். நம்ம கடைய மூடறதுக்கு யாருக்கும் ஃபைன் கட்ட வேணாம்.”

திங்கட்கிழமை விடிந்ததும் கேட்டருகே வாடகைக்கு எடுத்த தள்ளுவண்டி நின்றது. ரவிக்குமார் சரளாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார், ஏதோ வண்டிக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர்போல. முதலில் வந்தவர் பக்கத்து மிஷினில் வேலை பார்த்த சின்னப்பா. ஒன்றும் கிண்டல் செய்யவில்லை, பசி. நின்றபடியே ஒரு பொட்டலத்தைக் காலி செய்து, இன்னொன்றைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஷிப்ட் ஆட்கள் கலைந்தபோது ஆறு பொட்டலம் மிச்சம். சரளா அதைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள்.

பஸ் பிடிக்க ஓடிய சின்னப்பா பாதியில் நின்று திரும்பினார். “ரவி, நாளைக்கி வருவியா?”

அந்த கேட்டில் ஒரு நாள் வராவிட்டால் சம்பளம் பிடிப்பார்களே தவிர, வருவியா என்று இதுவரை ஒருத்தரும் அவரைக் கேட்டதில்லை. ரவிக்குமார் சரளாவைத் தாண்டி முன்னால் வந்தார்.

“வருவேன்,” என்றார்.