கட்டுரைக்கு முதல் படி

டுலூத் நகரில் எங்கள் சாப்பாட்டு மேசை. என் மகன் டோபின் வெள்ளிக்கிழமைக்குள் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். பதினைந்து வயதுக்காரன் நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் சேர்த்து நான் பதறிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு இப்படித்தான்.

வேலையைத் திட்டமிடவும் தொடங்கவும் பழக்கும் பயிற்சியாளர் கிரேட்டா கேட்டாள்: "முதல்ல என்ன செய்யப்போற?"

"கட்டுரை எழுதுவேன்."

"அது ரொம்பப் பெருசு. இப்பவே கையால செய்யக்கூடியதா ஒண்ணு சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன்.

"அவன்தான் சொல்லணும்," என்றாள் கிரேட்டா.

"லேப்டாப்பைத் திறக்கணும்," என்றான். திறந்தான். "அப்புறம் தலைப்பு." அடித்தான்.

"ஒரு எழுத்து விட்டுப்போச்சு," என்றேன். அவன் கை நின்றுவிட்டது.

கிரேட்டா என் பக்கம் திரும்பினாள். "அவன் தொடங்குற நேரத்துல நீங்க பக்கத்துல இருக்க வேண்டாம். சமையலறைக்குப் போங்க."

"இதோ போறேன்," என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன்.

டோபின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது அவங்களுக்கு ரொம்பப் பெருசு, கிரேட்டா. அம்மா, முதல்ல எந்திரி."