கூடுதலாக இருக்கும் துண்டு

சனிக்கிழமைப் பிற்பகல்களில் நான் இடுப்புக்கு மேலே ஆசிரியர், இடுப்புக்குக் கீழே சாரம். கைபேசியின் கமரா நெஞ்சு வரைக்கும்தான் பிடிக்கும் என்பதால் சேர்ட்டை மட்டும் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, பல்கனியின் மூலையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவேன். அந்த மூலையில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். கீழே அபூதாஹிர் நானாவின் வலைக்கடை. அதற்கு அப்பால் வீதி, வீதிக்கு அப்பால் துறைமுகம். கடை வாசலில் எறிந்த காட்போட் பெட்டியை, ஊருக்குள் மாடுபோலத் திரியும் மான்களில் இரண்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

மனைவி அருள்மலரும் மகள் நிரோஷினியும் லெஸ்டருக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அருள்மலருக்கு அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. நான் பின்னால் போவதாக ஏற்பாடு. நான் ஆயத்தம்தான், விசாக் கடதாசிகள்தான் ஆயத்தமில்லை. ஆகவே நான் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டு, முட்டைப்பொரியல் ஒன்றையே பல பெயர்களில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன்.

பிள்ளையோடு கதைப்பதற்குக் கதை வேண்டுமே. "சாப்பிட்டீங்களா?" "ஓம்." "பள்ளிக்கூடம் எப்பிடி?" "ஓகே." அவ்வளவுதான். அவளுடைய தமிழ் தேய்ந்துகொண்டு வந்தது. என்னுடைய ஆங்கிலமோ தேய்வதற்கு முதலில் வளர்ந்திருக்க வேண்டும். எங்களைக் காப்பாற்றியது கணக்கு. கணக்கில் அவள் கடைசிக் குழு. ஒவ்வொரு சனியும் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பயிற்சித்தாளைத் தூக்கிக்கொண்டு வந்து கமராவுக்கு முன்னால் பிடிப்பாள். அங்கே அது காலைச் சாப்பாட்டு நேரம். தாளில் எப்போதும் ஜாம் இருக்கும்.

முதல் நாள் நான் பெருமையோடு எக்ஸ் என்று தொடங்கினேன்.

"எக்ஸ் போட ஏலாது அப்பா. பார் மொடல் கீறவேணும்."

கதையை வாசித்து, அதில் இருப்பவற்றை நீளமான பட்டைகளாகக் கீறி, தெரிந்ததை எழுதி, தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு, அதற்குப் பிறகுதான் கணக்கில் கை வைக்கலாமாம். சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் கணக்குப் படிப்பித்தவனுக்குப் பெட்டி கீறுவதா பெரிய காரியம்?

கணக்கு இதுதான். ஒரு பெட்டியிலுள்ள மணிகளில் ஐந்தில் இரண்டு பங்கு சிவப்பு. மிச்சம் முப்பத்தாறும் நீலம். மொத்தம் எத்தனை? விடை அறுபது என்று மனதுக்குள் சட்டென்று வந்துவிட்டது. அடிமட்டத்தை வைத்து ஆறு சென்ரிமீற்றருக்கு ஒரு பட்டை கீறி, இரண்டு தசம் நான்கில் பிரித்து, சிவப்புப் பேனையால் நிறமும் தீட்டிக் காட்டினேன்.

நிரோஷினி கமராவுக்குக் கிட்ட வந்து பார்த்தாள்.

"ஏன் அப்பா ஆறு சென்ரிமீற்றர்?"

"அறுபதுக்கு ஆறு."

"அறுபதெண்டு எப்பிடித் தெரியும்? அதைத்தானே கேட்டிருக்கு."

நான் இருமினேன்.

"விடை தெரிஞ்ச பிறகு கீறினா அது டெக்கரேஷன் எண்டு மிஸ் சொல்லுவா. அழியுங்கோ."

அவள் அடிமட்டம் இல்லாமலே ஒரு பட்டை கீறினாள். கோணல் பட்டை. அதை ஐந்து பெட்டியாக்கி, இரண்டுக்குச் சிவப்பு அடித்து, மற்ற மூன்றையும் ஒரு வளைகோட்டால் சேர்த்து முப்பத்தாறு என்று எழுதினாள். முழுப்பட்டைக்கும் மேலே கேள்விக்குறி. பிறகு கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"மூண்டு பெட்டி முப்பத்தாறு. அப்ப ஒரு பெட்டி…"

"பன்னிரண்டு," என்றேன், பொறுக்க மாட்டாமல்.

"சொல்லாதீங்கோ அப்பா."

அன்றைக்கு ஒரு கணக்கு முடிய அரை மணித்தியாலம் போனது. எனக்கு அது தேன். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் நான் அழித்து அழித்துக் கீறப் பழகினேன். பட்டையின் நீளம் எவ்வளவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே பெறுமதியான பெட்டிகள் ஒரே அளவாக இருந்தால் காணும் என்பது எனக்குள் இறங்கவே ஒரு மாதம் எடுத்தது. அவளுக்கு அதற்குள் அதே அரை மணித்தியாலத்தில் மூன்று கணக்கு, நான்கு கணக்கு என்று கை ஓடத் தொடங்கியிருந்தது. அதை நான் கவனித்தேன். கவனிக்காததுபோலவும் இருந்தேன்.

ஒரு புதன்கிழமை அருள்மலர் போன் எடுத்தாள். வேலைக்குப் போகிற வழி, பஸ் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ, நீச்சல் வகுப்பில ஒரு இடம் கிடைச்சிருக்கு. ஆனா சனிக்கிழமை காலமைதான்."

"அப்ப கணக்கு?"

"அதைத்தான் கேக்கிறன். அவ இனித் தனியச் செய்வா எண்டா நீச்சலுக்கு விடுவம். ஏலாதெண்டா கணக்கே இருக்கட்டும். இந்தச் சனி பாத்திட்டுச் சொல்லுங்கோ. நீங்கள்தானே வாத்தியார்."

"மற்ற நாளில கதைக்கலாமோ?"

"நேரம் கிடைக்கேக்க எடுப்பம்தானே."

நேரம் கிடைக்கும்போது எடுப்பதாக எனக்குச் சொன்னவர்கள் பலர். அவர்களில் சிலருடைய நம்பர்கூட இப்போது என்னிடம் இல்லை.

அன்று பின்னேரம் கீழே இறங்கியபோது நானா நைலோன் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சேர், முகம் ஒரு மாதிரி இரிக்கி? மகள் பெயிலா?"

"பாஸாகப் போறா நானா."

"அதுக்கா மையத்து வூட்டுல இருந்து வாற மாதிரி வாறீங்க?"

"சந்தோசம் கூடிப்போச்சு."

"அல்லாஹ்ட காவல். இந்தச் சந்தோசம் எனக்கு வேணா," என்றுவிட்டு ஒரு பிளேன்ரீயை நீட்டினார்.

சனிக்கிழமை வந்தது. தாளில் ஆறு கணக்கு. நிரோஷினி என்னை ஒன்றும் கேட்கவில்லை. வாசித்தாள், கீறினாள், பார்த்தாள், எழுதினாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய வகிடும் அதற்குக் கீழே தாளும் பென்சிலும்தான். ஐந்து கணக்கும் சரி. ஆறாவதில் பென்சில் நின்றது.

ஜோர்ஜிடம் அமீனாவைவிட இருபது ஸ்டிக்கர் கூட இருக்கிறது. இரண்டு பேரிடமும் ஒரே அளவாக இருக்கவேண்டுமானால் ஜோர்ஜ் அமீனாவுக்கு எத்தனை கொடுக்கவேண்டும்?

"ஆரிட்ட எத்தனை இருக்கெண்டு சொல்லவேயில்லை," என்றாள்.

இதுதான் சமயம். இந்தக் கணக்கில் பெரிய மனுசரே தடுக்கி விழுவார்கள். அவள் விழுந்தால் அருள்மலருக்கு நான் சொல்லக்கூடியது தயார்: இன்னும் கொஞ்சம் பழகவேணும். இன்னும் ஒரு தவணை. பொய்கூட இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளைக்கு உதவி செய்கிற குரலில் சொன்னேன்:

"இருபது கூட எண்டா அந்த இருபதையும் குடுத்தாச் சரிதானே மகள்?"

அவள் இரண்டு என்ற இலக்கத்தை எழுதத் தொடங்கினாள். நான் துறைமுகத்தைப் பார்த்தேன். ஒரு கப்பல் நின்றது. அதை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

"பொறுங்கோ," என்றாள் நிரோஷினி.

இடப்பக்கத்தில் ஒரே கோட்டிலிருந்து தொடங்கி, ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு பட்டை. மேலே ஜோர்ஜ், கீழே அமீனா. ஜோர்ஜின் பட்டை நீட்டிக்கொண்டிருந்த துண்டில் இருபது என்று எழுதினாள். பிறகு அந்தத் துண்டை அழித்து, அமீனாவின் பட்டை முடிவில் ஒட்டினாள். தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருங்கோ. இப்ப அமீனாட்ட இருபது கூட. ஜோர்ஜ் பாவம்."

"ஓமோ?"

"முழுக்கக் குடுத்தா மற்றப் பக்கம் நீளமாப் போயிடும் அப்பா. பாதிதான் குடுக்கவேணும்." துண்டைக் கீழே அழித்து மேலே திரும்பக் கீறி, அதை நடுவில் வெட்டினாள். பத்து, பத்து. ஒரு பத்தை அம்புக்குறி போட்டுக் கீழே இறக்கினாள். இரண்டு பட்டையும் ஒரே இடத்தில் முடிந்தன. "எத்தனை இருக்கெண்டு தெரியத் தேவையே இல்லை."

நான் அந்த அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விளங்கேல்லையா அப்பா? இன்னொருக்காச் சொல்லவா?"

"சொல்லுங்கோ."

அவள் புதிதாக ஒரு தாள் எடுத்து முதலிலிருந்து கீறினாள். மெதுவாக, ஒவ்வொரு கோட்டுக்கும் நிறுத்தி, நான் பார்க்கிறேனா என்று பார்த்து. தமிழ்ச்சொல் வராத இடங்களில் விரலால் காட்டினாள். நான் ஒரு நாளும் இவ்வளவு கவனமாக ஒரு பாடம் கேட்டதில்லை. விளங்கிவிட்டது என்று சொன்னால் முடிந்துவிடும் என்பதால் கொஞ்சம் தாமதித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது.

"விளங்கிட்டுது மகள்."

அருள்மலர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையில் குனிந்தாள். "என்ன மாதிரி? தனியச் செய்வாவோ?"

பக்கத்தில் பிள்ளை பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். காது மட்டும் என் பக்கம்.

"தனியத்தான் செய்தவ," என்றேன். "நான் ஒரு கணக்குக்குப் பிழையா விடை சொன்னனான். அதையும் திருத்திப்போட்டா. நீச்சலுக்கு விடுங்கோ."

"உண்மையாவோ? நீங்கள் பிழை விட்டனீங்களோ?"

"வெக்கைக்கு."

அருள்மலர் சிரித்தாள். நிரோஷினி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கதிரையில் துள்ளினாள். நீந்துவதைப் போல என்னவோ செய்து காட்டினாள். பிறகு, "பாய் அப்பா." திரையில் என்னுடைய முகம் மட்டும் மிஞ்சியது. நல்ல சேர்ட்.

அடுத்த சனிக்கிழமை நான் அங்கேதான் இருந்தேன், பல்கனியில். சிக்னல் நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தக் கணக்கைப் போட்டேன். இன்பாஸிடம் றுவைஸைவிட இருபது கிளிஞ்சல் கூட. முப்பது பிள்ளைகளும் சத்தமில்லாமல் எழுதினார்கள். வரிசையாகப் போய்ப் பார்த்தேன். முன்வாங்கில் இருபது, நடுவாங்கில் இருபது, பின்வாங்கில் எழுதியதை வெட்டிவிட்டுத் திரும்பவும் இருபது. ஒருத்தர்கூடப் படம் கீறவில்லை. இப்படி ஒரு வகுப்பு வாய்த்தால் வேறொரு ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு மனம் குளிர்ந்தது.

"எல்லாருக்கும் பிழை," என்றேன். "இதைச் செய்யிறதுக்கு ஒரு வழி இருக்கு. ஆனா பழக நாள் எடுக்கும். சனிக்கிழமை பின்னேரம் எல்லாரும் வாங்கோ. காசில்லை."

வகுப்பு முழுக்க ஒரு முனகல் எழுந்தது. சனிக்கிழமை கிரிக்கெட்டாம். சனிக்கிழமை மூதூரில் மாமி வீடாம். முன்வாங்கு ஸல்ஹா, எதையும் நேரே கேட்கிறவள், எழும்பி நின்றாள்.

"சேர், சனிக்கிழமை ஒங்களுக்கு வூட்டுல வேல இல்லயா?"

"இல்லை," என்றுவிட்டு, கரும்பலகையின் பக்கம் திரும்பி, ஒரே கோட்டிலிருந்து இரண்டு பட்டை கீறத் தொடங்கினேன்.