முகூர்த்தத்துக்குப் போட்டோ யார்?

கல்யாணத்துக்கு மூணே வாரம். போட்டோவுக்கு ஆள் சொல்லவில்லை என்பது ஜெயபாரதிக்கு அன்று காலையில்தான் உறைத்தது. அவள் ஊர்ப்பக்கம் போட்டோக்காரரை மாப்பிள்ளை வீடுதான் கூட்டிவரும். அதனால் நிம்மதியாக இருந்தாள். மகள் கயல் பல் தேய்த்துக்கொண்டே, "ஸ்ரீஹரியைக் கேட்டேன்மா. போட்டோ உங்க வீடுதானேங்கிறார்" என்றாள். போச்சு.

கேட்டிருக்கலாம். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியம்மா ரத்னா பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் போட்டோவுக்கு யார் என்று கேட்டால், செலவை அவர்கள் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டாள். இப்போது விஷயம் தெரிந்தால், போட்டோ கூட ஏற்பாடு செய்யத் தெரியாத வீட்டுப் பெண் என்று கயல் காலமெல்லாம் பேச்சு கேட்க வேண்டும்.

கணவர் மாணிக்கவாசகம் தி.நகர் ஜவுளிக்கடைக்குக் கிளம்பிப் போனதும் போனை எடுத்தாள். ஆவணி முகூர்த்தம், யார் சும்மா இருப்பார்கள்? கூப்பிட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் வடபழனி மெஹபூப் அலி ஸ்டுடியோவில் ஒரு பெண், "விவரம் எழுதி வாட்ஸப்ல அனுப்புங்கம்மா, சார் பாத்துச் சொல்வார்" என்றாள். ஜெயபாரதி உட்கார்ந்து கடிதமாகவே எழுதிவிட்டாள்.

"ஐயா, வணக்கம். மைலாப்பூர் மண்டபத்தில் முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியக்காலை முகூர்த்தம். போட்டோ, வீடியோ இரண்டுக்கும் சேர்த்துப் பேக்கேஜ் என்ன விலை? எத்தனை மணி நேரம் எடுப்பீர்கள்? பெண்ணுக்கு அலங்காரம் மூன்று மணிக்கே ஆரம்பம், அதுவும் கணக்கில் வருமா? நேரம் கூடினால் எவ்வளவு? எடிட்டிங் பேக்கேஜிலேயே உண்டா, தனியா? ஆல்பம் எத்தனை பக்கம்? மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னொரு ஆல்பம் போட்டால் என்ன ஆகும்?"

பதில் வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைக்கத் தோன்றவில்லை.

வந்தது. தொண்ணூறாயிரம். இரண்டு போட்டோகிராஃபர், ஒரு வீடியோகிராஃபர். ரிசப்ஷன் ஐந்து மணி நேரம், முகூர்த்தம் எட்டு மணி நேரம், அலங்காரமும் அதற்குள்ளேயே. கூடுதல் மணிக்கு நாலாயிரம். எல்லாப் படத்துக்கும் நிறம் சரிசெய்து தருவார்கள். முகத்தில் பரு, தழும்பு எடுப்பது ஆல்பத்துக்கு நீங்கள் பொறுக்கும் படங்களுக்கு மட்டும். நாற்பது தாள் ஆல்பம் ஒன்று பேக்கேஜோடு, இரண்டாவதுக்குப் பன்னிரண்டாயிரம். கீழே ஒரு வரி: "அதே தேதிக்கு இன்னொரு பார்ட்டியும் கேட்டிருக்காங்க. எங்க கிட்ட ஒரு டீம்தான் இருக்கு. முதல்ல அட்வான்ஸ் கட்டுறவங்களுக்குத்தான்."

ஜெயபாரதி செருப்பை மாட்டிக்கொண்டாள். "முருகனைப் பார்த்துட்டு வரேன்" என்று கயலிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். தேனாம்பேட்டை சிக்னலில் ஆட்டோ நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அந்த இன்னொரு பார்ட்டி யாராக இருந்தாலும் அவர்கள் வண்டியும் பஞ்சராகட்டும் என்று மனசாரச் சபித்தாள். அப்புறம் ஐயோ பாவம், அதுவும் ஒரு கல்யாண வீடுதானே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஸ்டுடியோ மாடிப்படியை மூச்சிரைக்க ஏறிக் கதவைத் தள்ளினால், உள்ளே மடியில் கைப்பையை அணைத்தபடி ரத்னா உட்கார்ந்திருந்தாள்.

ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

"என்ன மதினி இந்தப் பக்கம்?" என்றாள் ஜெயபாரதி.

"கோயிலுக்கு வந்தேன் மதினி. நீங்க?"

"நானும் கோயிலுக்குத்தான்."

இரண்டு நெற்றியிலும் திருநீறு இல்லை.

மெஹபூப் அலி கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். "ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா? நல்லதாப் போச்சு. ஒரே தேதி, மண்டபமும் ஒண்ணு. மேல் ஹால் யாரு, கீழ் ஹால் யாரு?"

மேல் ஹால் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றுகூட ஜெயபாரதிக்கு ஓடியது. எத்தனை நாளைக்கு?

"எங்க தப்புதான் மதினி" என்றாள். "எங்க பக்கம் மாப்பிள்ளை வீடுதான் போட்டோவுக்குச் சொல்லும். நீங்க சொல்லியிருப்பீங்கன்னு இருந்துட்டேன். கயலை ஒண்ணும் சொல்லிடாதீங்க, அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

ரத்னா கைப்பையைத் திறந்தாள், மூடினாள். "எங்க பக்கம் பொண்ணு வீடு மதினி. நேத்து வந்த எங்க நாத்தனார், போட்டோ யாருன்னு கேட்டா. நீங்க யாருக்கும் சொன்னதாத் தெரியலையேன்னு அப்பதான் உறைச்சுது. உங்களக் கேட்டா, செலவைத் தள்ளுறோம்னு நினைப்பீங்களேன்னு பேசாம இருந்தேன். ராத்திரி பூரா தூக்கமில்ல, சரி நாமளே சொல்லிடுவோம்னு வந்துட்டேன்."

மெஹபூப் அலி இரண்டு கடிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அதானே பாத்தேன். இந்தம்மா மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு ஆல்பம் கேட்டிருக்காங்க. நீங்க பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு கேட்டிருக்கீங்க."

ஜெயபாரதிக்குக் கண் நிறைந்துவிட்டது. பொண்ணைக் கொடுக்கிற இடத்திலும் ஒருத்தி இதே மாதிரி பயந்துகொண்டு, தூங்காமல், இவள் வீட்டுக்கும் சேர்த்து ஒரு ஆல்பம் கேட்டிருக்கிறாள். சம்பந்தி வீடு எப்படியோ என்று நிச்சயமான நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது.

அட்வான்ஸை ஆளுக்குப் பாதியாகக் கட்டினார்கள். படி இறங்கும்போது ரத்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க மதினி, கோயில் நடை சாத்துறதுக்குள்ள போயிடுவோம். வீட்ல சொல்லிட்டு வந்தது பொய்யாகிடக் கூடாது."