சொந்த விருப்பத்தின் பேரில்

முதியோர் இல்லத்தில் சேர அம்மாவின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவரான மகன் தானே உட்கார்ந்து எழுதினார். மேடையில் பேசிப் பழகியவர் அல்லவா, கடிதம் மூன்று பக்கம் ஓடிவிட்டது. அம்மா கைநாட்டு. அதனால் சாட்சிக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரரையும் கூட்டிப் போனார். இன்னொரு சாட்சி இல்லத்து நர்ஸ்.

அம்மா பெருவிரலை மையில் ஒற்றினாள்.

“இருங்கம்மா,” என்றார் மேலாளர். “வாசிச்சுக் காட்டி, நீங்க சரின்னு சொன்னப்புறம்தான் வைக்கணும். அதைப் பாத்துட்டுத்தான் இவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவாங்க.”

“நான் எல்லாம் சொல்லிட்டேன் சார்,” என்றார் மகன் அவசரமாக.

மேலாளர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். “‘மக்கள் பணிக்கே தன்னை ஒப்படைத்துவிட்ட என் அருமை மகன் கண்ணீர் மல்கத் தடுத்தும் கேளாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில்...’”

“யாருடா அழுதது?” என்றாள் அம்மா.

“அது சும்மா ஒரு இதுக்கும்மா.”

“இங்க வர எனக்கு ஒண்ணுமில்ல. ‘மகன் போகச் சொன்னான், வந்தேன்’னு எழுது. வைக்கிறேன்.”

மேலாளர் வெள்ளைத்தாளை நீட்டினார். எழுதிக் கொடுத்தவர் என்று மகனும் அடியில் கையெழுத்துப் போட வேண்டுமாம். தையல்காரர் பேனா மூடியைக் கழற்றி ஆவலோடு காத்திருந்தார். அந்த ஒரு வரி சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும் என்பது தலைவருக்குத் தெரியும்.

“வீட்டுக்குப் போலாம்மா,” என்றார்.

“அதையும் நீயே சொல்லிட்டியா, சரி,” என்று அம்மா விரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.