செய்யாத வேலையின் பெயர்

போர் முடிந்து வெள்ளாங்குளத்தில் மீளக் குடியேறிய பிறகு வேணுஜாவுக்கு ஒரு நிறுவனத்தில் கிடைத்த வேலை மிதிவெடி அகற்றுவது. அந்த நிறுவனம் மன்னாரில் வேலையை முடித்துக்கொண்டு போனதும் வீட்டில் இருந்தாள். மன்னார் ரவுணில் போன், இன்டர்நெட் வசதியுள்ள கொம்மியுனிகேசன் கடை வைத்திருக்கும் பெரியம்மாவின் மகன் கீர்த்தனன், வேலை தேடுவோருக்கான லிங்க்ட்இன் தளத்தில் அவளுக்கு ஒரு பக்கம் திறந்து, தானே எல்லாம் எழுதிவிட்டான்.

ஒரு மாலை அவளது போனுக்கு வெளிநாட்டு நிறுவனமொன்றின் செய்தி வந்தது. வெடிபொருள் அழிக்கும் அணிக்குத் தலைமை தாங்க ஆள் தேவையாம், அடுத்த கிழமை பேசலாமா என்று கேட்டிருந்தார்கள். அவள் தன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பெயருக்குக் கீழே ‘வெடிபொருள் அழிப்பு நிபுணர், அணித் தலைவர்’ என்று இருந்தது. வெடியைக் கண்டால் குறியிட்டுவிட்டு விலகி வந்து அறிவிப்பதுதான் அவள் வேலை. அழித்தவர்கள் வேறு ஆட்கள்.

கீர்த்தனனை அழைத்தாள். எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள், போய்ப் பழகலாம் என்றான்.

“அங்க பழகேலாது அண்ணா. நான் பிழைவிட்டால் என்னை நம்பி நிக்கிற பிள்ளையளும் செத்துப்போவினம்.”

அன்றிரவு கண்ணை மூடினால் அன்ரோனெற்தான் வந்தாள். அடுத்த வரிசையில் வேலை செய்தவள், மிதிவெடி வெடித்துக் கை சிதறிப்போனவள்.

விடிந்ததும் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘மிதிவெடி அகற்றினேன்’ என்று ஒரு வரி மட்டும் விட்டாள். முன்பு அவளது பிரிவுத் தலைவியாக இருந்த சிவராணியிடம் அதைப் பார்க்கச் சொன்னாள். சிவராணி திருப்பி அழைத்தாள்.

“அன்ரோனெற்றுக்கு ரத்தத்தைக் கட்டி நிப்பாட்டினது நீதானே? அதை ஏன் ஒளிக்கிறாய்? இதுவும் உண்மையில்லை.”

இருவருமாக மறுபடி எழுதினார்கள். எந்தெந்த ஊர்களில், எந்தக் காலத்தில், யாருடைய மேற்பார்வையில், என்ன கருவியோடு என்று. முதலுதவிப் பயிற்சியையும், உண்மையான விபத்தொன்றில் அதைச் செய்ததையும் அன்ரோனெற்றின் பெயரில்லாமல் சேர்த்தார்கள். வெடி அழித்த அனுபவம் இல்லை என்பதையும் போட்டார்கள். ‘சிறந்த’, ‘நிபுணர்’ போன்ற சொற்கள் எதுவும் இல்லை. தான் கண்டதைச் சிவராணி பரிந்துரையாக எழுதி இணைத்தாள்.

ஆனால் பழைய பக்கத்தை அந்த வெளிநாட்டு நிறுவனத்தார் ஏற்கெனவே வாசித்துவிட்டார்களே. பக்கத்தில் முன்பிருந்தது பிழை, திருத்திவிட்டேன், அந்தப் பதவிக்கு நான் பொருந்தமாட்டேன் என்று வேணுஜா அவர்களுக்கு எழுதினாள். பொய்க்காரி என்று எல்லா நிறுவனங்களுக்கும் சொல்லிவிடுவார்களோ? அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் எடுத்துப் பார்த்தாள்.

ஒரு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. அந்தப் பதவிக்கு வேறு ஆளைப் பார்ப்பதாக எழுதியிருந்தார்கள். ஆனால் முதலுதவி தெரிந்த மிதிவெடி அகற்றுநர்களும் தேவை, அதற்குப் பேச விருப்பமா என்றும் கேட்டிருந்தார்கள்.

பேசியபோது, அடையாளம் தெரியாத பொருளொன்றைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்றார்கள். வேணுஜா சொன்னாள்.

“தொடமாட்டன். குறியிட்டுப்போட்டு அதுக்குரிய ஆளைக் கூப்பிடுவன்.”

வேலை கிடைத்தது. முதல் நாள் தலைக்கவசத்தை மாட்டும்போதும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.