கறுத்த கண்ணாடி வாட்ச்

கூட்டேரிப்பட்டு மண்டபத்தில் தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. மாற்றிவிட்டால் வெண்ணிலா திண்டிவனத்து மாப்பிள்ளை வீட்டுக்காரி. அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல வாயிருக்காது.

மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. மோதிரம் வேண்டாம், ஆப்பிள் வாட்ச் போடுங்கள் என்றான். "உங்களுது ஐபோனா?" என்று வெண்ணிலா போனில் கேட்டபோது, "பின்ன என்னா, பட்டன் போனா?" என்று சிரித்தான். அதை நம்பித்தான் விழுப்புரம் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கும் அவள் அப்பா முருகையன் வாங்கினார்.

வாட்ச்சைக் கட்டியதும் மாப்பிள்ளை கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டான். செல்போன் கடை வைத்திருக்கும் வெண்ணிலாவின் அண்ணன் மணிமாறன் அதை ஆன் செய்தான்.

"ஐபோனைக் கிட்ட கொண்டாரச் சொல்லுது. குடுங்க மாப்ள."

"அப்புறம் பாத்துக்கலாம் மச்சான்."

"ஜல்தியா முடிஞ்சிரும், குடுங்க."

சட்டைப் பையிலிருந்து போன் வந்தது. உறையில் கடித்த ஆப்பிள் பளபளத்தது. மணிமாறன் உறையைக் கழற்றினான். உள்ளே இருந்தது சாதாரண ஆண்ட்ராய்டு.

"இதுல சேராது மாப்ள."

"புளூடூத் ஆன்லதான் கீது."

"இருந்தா? ஐபோன் இல்லாம இதைத் தொடங்கவே முடியாது."

மாப்பிள்ளையின் அம்மா சித்ரா குறுக்கே வந்தாள். "போன் வந்தா காட்டினா போதும்பா. மத்தது எதுக்கு?"

"காட்டாதுங்க. மெசேஜ், நாடித்துடிப்பு, நடை, எதுவும் வராது. இவரு போனுக்கு ஆண்ட்ராய்டு வாட்ச் கேட்டிருந்தா அத்தனையும் வந்திருக்கும். கைலயிருந்தே பதிலும் அனுப்பலாம்."

"பேஜாராப் போச்சே." சித்ரா முருகையன் பக்கம் திரும்பினாள். "சம்பந்தி, அப்ப ஒரு ஐபோனும் சேத்துப் போட்டுடுங்க."

முருகையன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். வெண்ணிலா மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. எந்த நிறம் கேட்கலாம் என்று யோசிப்பவன்போல உட்கார்ந்திருந்தான். கட்டியவனுக்கும் உதவாத வாட்ச், அதைத் தடவிக்கொண்டே இருந்த விரல். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சோற்றில் கிடக்கும் முடியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"உறைக்குள்ள இன்னும் என்னென்ன வச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள்.

"அது சும்மா ஒரு இதுக்கு..."

"நான் சும்மா ஒரு இதுக்கு வரல. வாட்ச்சைக் கழட்டுங்க."

"பொண்ணு என்னா பேசுது பாரு!" என்று சித்ரா கத்தினாள். முருகையன் வெற்றிலை பாக்கு வைத்திருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கோகுலகிருஷ்ணன் வாரைத் தொட்டான். கழற்றவில்லை. போட்டோக்காரனை ஒருமுறை பார்த்தான்.

"கழட்டிடறேன்," என்றான், "ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கினு."

வெண்ணிலா வாட்ச்சுக்காகக் கையை நீட்டியபடியே நின்றாள்.

"எடுத்துக்கோங்க," என்றாள். "உங்க கையை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. நான் அதுல வர மாட்டேன்."